ஆஃப் ஸ்பின்னருக்கு கவர் ஏன் காலி? ஒரு களத்தடுப்புப் படத்தைப் படித்தல்

தேயிலைச்சரிவு | 4 மே, இரவு 8.15

கோத்தகிரிக்குக் கீழே உள்ள எங்கள் எஸ்டேட் அணிக்கு அவ்வப்போது ஒரு பயிற்சியாளர் வந்து போகிறார். போன முறை எங்கள் ஆஃப் ஸ்பின்னருக்காக ஒரு தாளில் களத்தடுப்புப் படம் வரைந்து கொடுத்துவிட்டு சமவெளிக்கு இறங்கிவிட்டார். மேலே "ஆஃப் ஸ்பின், வலது கை பேட்ஸ்மேன்" என்று ஒரே வரி. வேறு எழுத்து இல்லை. முட்டை வடிவில் எல்லைக்கோடு, நடுவில் ஆடுகளத்துக்கு ஒரு செவ்வகம், பதினொரு புள்ளிகள்.

செவ்வகத்தின் மேல்முனைக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. கீழ்முனையில் ஒன்று. வலப்பக்கம் ஐந்து: ஒன்று ஆடுகளத்தை ஒட்டினாற்போல், ஒன்று மேல்முனைக்குப் பின்புறம் சாய்வாக, ஒன்று பக்கவாட்டில் எல்லைக்கோட்டில், இரண்டு நடுத்தூரத்தில். இடப்பக்கம் மூன்றுதான்: பக்கவாட்டில் ஒருவர், கீழே நேராக ஒருவர், எல்லைக்கோட்டில் ஒருவர். இந்த மூவருக்கும் நடுவே ஒரு பெரிய வெற்றிடம். கவரில் ஆளே இல்லை.

எங்கள் எதிரணியினர் கவர் டிரைவ் என்றால் தூக்கத்திலும் அடிப்பார்கள். ஆடுகளத்தை ஒட்டி நிற்பவரை எடுத்து கவரில் போட வேண்டும் என்கிறார் கேப்டன். தெரிந்தே காலி விட்டிருக்கிறார் என்கிறேன் நான். ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

அருவங்காடு இடக்கை | 4 மே, இரவு 9.02

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆள் கூட்டம் எந்தப் பக்கமோ அதுதான் ஆஃப் பக்கம். ஐந்து பேர் ஆஃபில், மூன்று பேர் லெக்கில். இது மிதவேகப் பந்துவீச்சாளருக்கான படம். உங்கள் பயிற்சியாளர் தலைப்பை மாற்றி எழுதிவிட்டார். வெற்றிடம் இருப்பது மிட் விக்கெட் பக்கம், கவர் பக்கம் இல்லை.

பழைய நடுவர் | 5 மே, காலை 6.20

இடக்கைத் தம்பி சொல்வது பல படங்களுக்குப் பொருந்தும். பெரும்பாலான பந்துவீச்சாளர்கள் ஆஃப் பக்கம்தான் ஆள் அதிகம் வைப்பார்கள். ஆனால் பக்கத்தைக் கண்டுபிடிக்க அதை நம்பக் கூடாது. ஆஃப் ஸ்பின்னருக்கு அது தலைகீழாகிவிடும்.

முதலில் விக்கெட் கீப்பரைக் கண்டுபிடியுங்கள். மேல்முனைக்குப் பின்னால் இருக்கும் இரட்டைப் புள்ளியில் ஒன்று ஸ்டம்புக்கு நேர் பின்னே இருக்கும், அவர் கீப்பர். அப்படியானால் பேட்ஸ்மேன் மேல்முனையில் நிற்கிறார், பந்து கீழிருந்து மேலே போகிறது. தாளைப் பந்துவீச்சாளரின் கண்ணால் பாருங்கள். எதிரே நிற்கும் வலது கை பேட்ஸ்மேனின் ஆஃப் பக்கம் உங்களுக்கு இடப்பக்கம். தாளில் கீப்பருக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் புள்ளி ஸ்லிப். ஆக, இடப்பக்கம் மூவரோடு ஸ்லிப்பும் சேர்ந்து நால்வர் ஆஃபில், வலப்பக்கம் ஐவர் லெக்கில். தலைப்பு சரி.

தம்பி, நீங்கள் பேட்ஸ்மேன் கீழ்முனையில் நிற்பதாக எடுத்துக்கொண்டீர்கள். அப்படி எடுத்தால் வலப்பக்கம் ஆஃப் ஆகிவிடும், எல்லாமே புரண்டுவிடும். கீப்பர் எங்கே என்று ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

தேயிலைச்சரிவு | 5 மே, காலை 7.05

நன்றி ஐயா. இப்போது புள்ளிகளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். ஆஃபில் ஸ்லிப், பாயிண்ட், மிட் ஆஃப், எல்லைக்கோட்டில் டீப் கவர். லெக்கில் ஷார்ட் லெக், பின்புறம் சாய்வாக ஷார்ட் ஃபைன் லெக், எல்லைக்கோட்டில் டீப் ஸ்கொயர் லெக், பிறகு மிட் விக்கெட், மிட் ஆன். கீப்பரும் பந்துவீச்சாளரும் சேர்ந்தால் பதினொன்று.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. டீப் கவர் எல்லையில் இருக்கிறார். அவரை உள்ளே கொண்டுவந்து கவரில் நிறுத்தாமல் ஏன் அங்கே வைத்தார்?

பழைய நடுவர் | 5 மே, இரவு 7.40

உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு படத்தில் ஆள் நிற்கும் இடங்களை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பந்து எங்கே விழப் போகிறது என்பதை முதலில் பென்சிலால் குறியுங்கள். உங்கள் ஆஃப் ஸ்பின்னர் வலது கைக்காரருக்கு ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, முன்னங்காலை நீட்ட வைக்கும் நீளத்தில் போட வேண்டும். விழுந்த பந்து உள்ளே, அதாவது லெக் பக்கமாகத் திரும்பும். அந்த ஒரு புள்ளியிலிருந்து பேட்ஸ்மேன் என்னென்ன செய்யலாம் என்று பாருங்கள்.

முன்னங்காலில் தடுக்கிறார். பந்து உள்ளே திரும்புவதால் மட்டையின் உள்விளிம்பில் பட்டு, பேடில் மோதி, லெக் பக்கம் மெல்ல எழும்பும். அந்தக் கேட்ச்சுக்காகத்தான் ஷார்ட் லெக். அவரைத் தூக்கிவிட்டால் இந்தப் பந்தை வீசுவதில் பாதிப் பயன் போய்விடும்.

பந்தைத் திருப்பத்தோடு சேர்த்து லெக்கில் தட்டுகிறார். அது பேட்ஸ்மேனுக்குப் பாதுகாப்பான அடி, எளிதாக வரும். அதனால் மிட் விக்கெட்டும் மிட் ஆனும் ஒரு ரன்னைத் தடுக்கும் தூரத்தில் நிற்கிறார்கள். ஸ்வீப் அடித்தால் மெல்லப் பட்டது ஷார்ட் ஃபைன் லெக்குக்கு, நன்றாகப் பட்டது டீப் ஸ்கொயர் லெக்குக்கு.

இப்போது கவர் டிரைவ். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து உள்ளே வரும் பந்தை கவர் பக்கம் அடிக்க வேண்டுமென்றால் திருப்பத்துக்கு எதிராக மட்டையை வீச வேண்டும். மட்டை ஒரு திசையில், பந்து ஒரு திசையில். கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினால் மட்டைக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து ஸ்டம்பில் விழும். திரும்பாமல் நேராகப் போனால் வெளிவிளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும். ஆஃப் ஸ்பின்னருக்கு ஸ்லிப் எதற்கு என்று பலர் கேட்பார்கள். அந்தத் திரும்பாத பந்துக்காகத்தான். பேட்ஸ்மேன் செய்ய வேண்டும் என்று நாம் விரும்பும் தவறு இந்த டிரைவ்தான். கவரில் ஆள் நிறுத்தினால் அவர் அதைச் செய்ய மாட்டார், பேசாமல் லெக்கில் தட்டிக்கொண்டிருப்பார். ஆகவே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார் உங்கள் பயிற்சியாளர். டீப் கவர் எல்லையில் இருப்பது விலையைக் கட்டுப்படுத்துவதற்காக. சரியாக அடித்தால் ஒரு ரன், நான்கு இல்லை.

1971இல் ஓவல் டெஸ்டில் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட்டை ஏக்நாத் சோல்கர் பிடித்தது இதே ஷார்ட் லெக் பக்கத்தில்தான். சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தவர், அதுவும் தலைக்கவசம் இல்லாத காலத்தில். அந்த இடத்தில் ஒருவர் நம்பி நிற்பதால்தான் பந்துவீச்சாளர் அந்த நீளத்தில் தைரியமாகப் போட முடிகிறது.

கேத்தி அம்மா | 5 மே, இரவு 9.30

நான் கேட்பது வேறு. என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள், பன்னிரண்டு வயது. குள்ளமாக, சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்று ஷார்ட் லெக்கில் நிறுத்துகிறார்கள். தலைக்கவசம் இல்லை. இந்தப் படத்தில் அந்தப் புள்ளி ஆடுகளத்தை ஒட்டியே இருக்கிறதாமே, அது எத்தனை அடி?

பழைய நடுவர் | 5 மே, இரவு 10.10

அம்மா, முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் ஆட்டத்தில் அந்த ஆள் பேட்ஸ்மேனிலிருந்து இரண்டு மூன்று மீட்டரில் குனிந்து நிற்பார், தலைக்கவசமும் கால்காப்பும் அணிந்து. பன்னிரண்டு வயதுக் குழந்தையை அங்கே நிறுத்தவே கூடாது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் விதிப்படி 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் பேட்ஸ்மேனிலிருந்து 11 கஜம், அதாவது 10 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது. 15 வயதுக்குட்பட்டோருக்கு 8 கஜம். ஆஃப் பக்கத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கும் ஸ்லிப் போன்ற இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விதி நம் ஊர்ப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பயிற்சியாளரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். தயங்காதீர்கள்.

கேத்தி அம்மா | 6 மே, காலை 6.45

பேசிவிட்டேன். "கவசம் வாங்கித் தந்தால் நிற்கட்டும்" என்றார். கவசம் வாங்கினாலும் அங்கே நிற்க மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். மிட் விக்கெட்டில் நிற்பாள்.

கூடலூர் வேகம் | 6 மே, மதியம் 1.15

நான் வேகப்பந்து, அவுட்ஸ்விங் போடுகிறேன். இந்தப் படத்தை அப்படியே எனக்கு வைத்துப் பார்த்தேன். ஷார்ட் லெக்கில் நின்ற நண்பனுக்குத் தொடையில் ஒரு அடி, கேட்ச் ஒன்றும் வரவில்லை. படம் தவறா?

தேயிலைச்சரிவு | 6 மே, மதியம் 2.00

படம் தவறில்லை அண்ணா, பந்து வேறு. உங்கள் பந்து வெளியே போகிறது. விளிம்பில் பட்டால் ஸ்லிப்புக்கும் கல்லிக்கும்தான் போகும், லெக் பக்கம் பாப் ஆகாது. நடுவர் ஐயா சொன்ன முறையில் நீங்களும் பந்து விழும் இடத்தைக் குறித்துப் பாருங்கள். ஆனால் ஒன்று கவனித்தேன்: அவுட்ஸ்விங்குக்கும் சிலர் கவரைக் காலி விடுகிறார்கள். வெளியே போகும் பந்தை டிரைவ் செய்ய ஆசை காட்டுவதற்கு. அதே தர்க்கம், ஆனால் கேட்ச் பிடிக்கும் ஆட்கள் எதிர்ப்பக்கம்.

அருவங்காடு இடக்கை | 6 மே, மாலை 5.50

சரி, பக்கத்தை நான் புரட்டிப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் மலைக்கு இந்தப் படம் அப்படியே சரிப்படுமா? இங்கே மேட் விரித்து ஆடுகிறோம். மேலும் மூடுபனி, கனமான காற்று. பந்து காற்றிலேயே வளையும். ஸ்லிப்பில் இன்னொரு ஆள் சேர்க்க வேண்டும்.

பழைய நடுவர் | 6 மே, இரவு 8.00

மேட் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. காற்று பற்றிச் சொன்னது இல்லை.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, குளிரையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோத்தகிரி கொஞ்சம் கீழே, வித்தியாசம் அதற்கேற்பக் குறையும். அடர்த்தி குறைந்தால் சுழலும் பந்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறையும். ஆஃப் ஸ்பின்னரின் பந்து விழுவதற்கு முன் வெளியே மிதக்குமே, அது இங்கே குறைவாகத்தான் இருக்கும். ஈரமான காற்று கனமானது என்பதும் சரியில்லை. நீராவி கலந்த காற்று, அதே வெப்பத்தில், உலர்ந்த காற்றைவிடச் சற்று லேசானது. மூடுபனி நாளில் வேகப்பந்து வளைகிறதே என்றால், அது ஏன் என்று ஆய்வு செய்தவர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதற்குள் நான் போகவில்லை.

காற்று லேசாக இருப்பதால் தூக்கி அடித்த பந்து தொலைவாகப் போகும். அதனால் எல்லையில் நிற்கும் இருவரும் கோட்டை ஒட்டியே நிற்க வேண்டும். சமவெளிப் பழக்கத்தில் ஐந்து மீட்டர் உள்ளே நின்றால் தலைக்கு மேலே போய்விடும்.

மேட்தான் பெரிய மாற்றம். தேங்காய் நார் மேட்டில் பந்து வேகமாகத் திரும்பும், உயரமாக எழும்பும். பேடில் பட்டு எழும் பந்து முழங்கால் உயரத்தில் வராது, இடுப்பு உயரத்தில் வரும். ஷார்ட் லெக் அரை எட்டு பின்னால் நிற்கட்டும். ஸ்லிப்பும் அப்படியே. எவ்வளவு தூரம் என்பதை ஆட்டத்தில்தான் பார்க்க வேண்டும். விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்புக்கு முன்னால் தரையில் பட்டால் முன்னே வரட்டும். மார்புக்கு மேலே வந்தால் பின்னே போகட்டும். மேட்டை இறுக்கி ஆணி அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். தளர்ந்த மேட்டில் பந்தின் உயரம் ஒவ்வொரு முறையும் மாறும், அப்போது நெருக்கத்தில் ஆள் நிறுத்துவது ஆபத்து.

தேயிலைச்சரிவு | 9 மே, இரவு 10.20

இன்று ஆட்டம் முடிந்தது. படத்தை அப்படியே வைத்தோம். கேப்டனைச் சம்மதிக்க வைக்கத்தான் நேரம் பிடித்தது. எங்கள் ஆஃப் ஸ்பின்னரின் முதல் ஓவரைக் குறித்து வைத்தேன், எழுதுகிறேன்.

முதல் பந்து சரியான இடத்தில் விழுந்து திரும்பியது. பேட்ஸ்மேன் தடுத்தார். கிளவுஸில் பட்டு ஷார்ட் லெக்கின் தலைக்கு மேலே எழும்பி யாரும் இல்லாத இடத்தில் விழுந்தது. உடனே அவரை ஒரு எட்டு பின்னே போகச் சொன்னோம், நடுவர் ஐயா சொன்னதைவிடக் கூடுதலாக.

இரண்டாம் பந்தில் அந்த வாசலுக்கு வந்துவிட்டார். கவர் டிரைவ், தரையோடு அழகாகப் போனது. டீப் கவர் ஓடிவந்து எடுத்தார், ஒரு ரன். கேப்டன் என்னை முறைத்தார்.

மறுமுனையில் இருந்தவர் இடது கைக்காரர். அங்கேதான் எங்களுக்குத் திண்டாட்டம். தாளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லோரையும் பக்கம் மாற்றினோம், ஷார்ட் லெக், ஸ்லிப் எல்லாம் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். மூன்றாம் பந்தை அவர் கவர் பக்கம் வெட்டி இரண்டு ரன் எடுத்தார், நான்காவதை அதே பக்கம் தட்டி ஒன்று.

ஐந்தாம் பந்து வலது கைக்காரருக்கு. மறுபடி டிரைவ். இந்தப் பந்து மேட்டில் பட்டு நன்றாகவே திரும்பியது. மட்டைக்கும் பேடுக்கும் நடுவே புகுந்து நடு ஸ்டம்ப். அந்தச் சத்தம் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும்!

ஆறாம் பந்தைப் புதிதாக வந்தவர் தடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நாளை எழுதுகிறேன். ஒரு நோ பால் விவகாரம். நடுவர் ஐயாவிடம் கேட்க வேண்டும்.

பழைய நடுவர் | 10 மே, காலை 6.30

இடது கைக்காரருக்குத் தாளை அப்படியே புரட்டக் கூடாது. கீப்பரையும் பந்துவீச்சாளரையும் தவிர எல்லோரும் பக்கம் மாறுவார்கள் என்பது உண்மை, ஆனால் பந்து மாறவில்லையே. உங்கள் ஆஃப் ஸ்பின்னரின் பந்து இடது கைக்காரரிடமிருந்து வெளியே திரும்புகிறது. இப்போது கவர் டிரைவ் திருப்பத்தோடு சேர்ந்த அடி, அவருக்கு எளிது. அதனால்தான் அந்தப் பக்கம் ரன் போனது. கவரில் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஸ்லிப் இப்போது முக்கியமான கேட்ச் இடம். திருப்பத்துக்கு எதிரான அடி மிட் விக்கெட் பக்கம், ஆசை காட்ட வேண்டுமானால் அந்தப் பக்கத்தைக் காலி விடலாம். ஷார்ட் லெக்கை அப்போது எடுத்துவிட்டு கவருக்கு அனுப்பியிருப்பேன் நான்.

அருவங்காடு இடக்கை | 10 மே, காலை 9.10

ஐயா, நானே இடது கைக்காரன். ஷார்ட் லெக்கை எடுத்துவிட்டால் நாங்கள் நிம்மதியாக முன்னங்காலை நீட்டி ஆடுவோம். ஒரு ஆள் கண்முன்னே குனிந்து நிற்பதே தொந்தரவு. அவர் அங்கே நிற்கட்டும், பாயிண்டை கவருக்கு நகர்த்தலாம்.

பழைய நடுவர் | 10 மே, காலை 9.40

பாயிண்டை நகர்த்தினால் பின்னங்காலில் வெட்டும் பந்து காலி இடத்தில் போகும். மேட்டில் பந்து எழும்புவதால் அந்த அடி உங்களுக்கு நிறையவே கிடைக்கும். பந்துவீச்சாளர் நீளத்தில் ஒருபோதும் குறையாமல் போடுவார் என்றால் உங்கள் யோசனையை ஏற்கிறேன். இல்லையென்றால் இல்லை.

தேயிலைச்சரிவு | 10 மே, இரவு 8.30

நோ பால் விவகாரம். எங்கள் சுழற்பந்து வீச்சாளர் நான்காவது ஓவரில் களைத்துவிட்டார். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழாமல் லெக் ஸ்டம்பில் விழ ஆரம்பித்தது. அங்கிருந்து பேட்ஸ்மேன் இரண்டு முறை ஸ்வீப் அடித்தார், இரண்டும் ஷார்ட் ஃபைன் லெக்குக்குப் பின்னால் எல்லைக்குப் போயின. பதற்றத்தில் கேப்டன் மிட் விக்கெட்டை எடுத்து லெக் ஸ்லிப்பில் போட்டார். அடுத்த பந்தில் ஷார்ட் லெக்கில் அருமையான கேட்ச். கொண்டாடி முடிப்பதற்குள் ஸ்கொயர் லெக் நடுவர் நோ பால் என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். பேட்ஸ்மேன் சிரித்தபடி திரும்பி வந்தார். டீப் ஸ்கொயர் லெக் பக்கவாட்டில்தான் நின்றார், பின்னால் இல்லை என்று எங்கள் பக்கம் ஒரே வாதம். எது சரி?

பழைய நடுவர் | 10 மே, இரவு 9.15

நடுவர் சரி என்று நினைக்கிறேன், நான் பார்க்கவில்லை என்றாலும்.

பந்து வீசப்படும் கணத்தில் லெக் பக்கத்தில், பேட்டிங் கிரீஸுக்குப் பின்னால், கீப்பரைத் தவிர இருவருக்கு மேல் நிற்கக் கூடாது. லெக் ஸ்லிப் ஒன்று, ஷார்ட் ஃபைன் லெக் இரண்டு. டீப் ஸ்கொயர் லெக் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. பலர் ஸ்டம்புக்கு நேராக ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் கோடு இல்லை. பேட்டிங் கிரீஸ் ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் இருக்கிறது. அந்தக் கோட்டை எல்லை வரை நீட்ட வேண்டும். ஸ்டம்புக்கு நேராக நிற்கிற ஆள் ஏற்கெனவே பின்னால்தான் நிற்கிறார். உங்கள் ஆள் பக்கவாட்டில் நின்றார் என்றால் மூன்றாவது ஆளாகிவிட்டார்.

ஒரு எளிய வழி சொல்கிறேன். ஸ்கொயர் லெக் நடுவர் அந்தக் கிரீஸுக்கு நேராகத்தான் நிற்பார். வலது கைக்காரர் ஆடும்போது டீப் ஸ்கொயர் லெக் ஆடுகளத்தைப் பார்த்து நின்றால் நடுவர் தன் வலக்கைப் பக்கமாகத் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்தால் பந்துவீச்சாளர் பக்கம் நாலு எட்டு நகரட்டும். இடது கைக்காரருக்கு நடுவர் இடக்கைப் பக்கம் தெரிய வேண்டும்.

தாளில் இந்தக் கோட்டை யாரும் போடுவதில்லை. பயிற்சியாளர் படத்திலும் இருந்திருக்காது. நீங்களே பேட்ஸ்மேன் முனையில் ஒரு புள்ளிக்கோடு போட்டு வையுங்கள். கீப்பரைத் தவிர லெக் பக்கம் அந்தக் கோட்டுக்கு மேலே மூன்று புள்ளி விழுந்தால் பார்த்தவுடன் தெரியும்.

கூடலூர் வேகம் | 10 மே, இரவு 10.05

இந்த விதி, பேட்ஸ்மேனின் உடம்பைக் குறிவைத்து வீசிய பாடிலைன் சமயத்தில் வந்ததுதானே? 1932–33இல்.

பழைய நடுவர் | 11 மே, காலை 6.15

அது பாடிலைனுக்கு உடனே வந்ததில்லை. 1956இல் இங்கிலாந்து ஆஃப் ஸ்பின்னர் ஜிம் லேக்கர் ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 90 ரன்னுக்கு 19 விக்கெட் எடுத்தபோது லெக் பக்கம் நெருக்கமாக ஆட்கள் சூழ்ந்து நின்றார்கள். ஆலன் ஓக்மேன் மட்டும் அந்த டெஸ்டில் ஐந்து கேட்ச் பிடித்தார். பின்னால் இருவர் என்ற வரம்பு அதற்கும் பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. அந்த 1956 ஆட்டத்தில் என்றால் உங்கள் கேப்டன் லெக் ஸ்லிப்பை அப்படியே போட்டிருக்கலாம்.

ஆனால் தேயிலைச்சரிவு, லெக் ஸ்லிப் போட்டதே தேவையில்லாத மருந்து. நோய் வேறு. பந்து லெக் ஸ்டம்பில் விழுந்ததுதான் காரணம். நீங்கள் அந்த ஓவர்களில் ரன் போன இடங்களையும் குறித்தீர்களா?

தேயிலைச்சரிவு | 11 மே, மாலை 7.25

குறித்திருக்கிறேன். பென்சிலால் சிறு பெருக்கல் குறிகள். முதல் மூன்று ஓவரில் எல்லாமே கவர் பக்கமும் மிட் ஆன் பக்கமும். நான்காவது ஓவரில் எல்லாமே ஷார்ட் ஃபைன் லெக்குக்குப் பின்னால், ஒன்றுகூட கவரில் இல்லை. கவர் பக்கம் குறியே விழாத ஓவரில் பந்து வரிசை தவறிவிட்டது என்று இப்போது புரிகிறது. படத்தை மாற்றியிருக்கக் கூடாது, பந்துவீச்சாளரை மாற்றியிருக்க வேண்டும்.

ஆனால் டீப் கவர் பற்றி எனக்கு இன்னும் திருப்தியில்லை. ஒரு ரன் விலை என்றீர்கள் ஐயா. அந்த ஒரு ரன்னால்தானே இடது கைக்காரர் வந்தார், எல்லோரும் ஓட வேண்டியதாயிற்று? கவர் திறந்தே இருக்கட்டும், ஆனால் டீப் கவரை உள்ளே கொண்டுவந்து, மிட் ஆஃபுக்கும் பாயிண்டுக்கும் நடுவே ஒரு ரன்னைத் தடுக்கும் தூரத்தில் ஆழமாக வைத்தால்? ஆசை இருக்கும், எளிதான ரன் இருக்காது.

பழைய நடுவர் | 11 மே, இரவு 8.50

அப்போது அது கவர்தான், பெயர் என்னவாக இருந்தாலும். பேட்ஸ்மேன் ஆளைப் பார்ப்பார், டிரைவ் அடிக்க மாட்டார். உங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் வேறு விதமோ தெரியாது, ஆள் நின்றாலும் அடிப்பவர்கள் என்றால் முயன்று பாருங்கள்.

அருவங்காடு இடக்கை | 11 மே, இரவு 9.05

அடிப்பார்கள் ஐயா. எங்கள் அணியில் ஆறு பேர் ஆள் நின்றாலும் அடிப்பார்கள். தேயிலைச்சரிவு சொல்வதுதான் இந்த மலைக்குச் சரி.

தேயிலைச்சரிவு | 11 மே, இரவு 9.40

அடுத்த ஞாயிறு உங்கள் அருவங்காட்டோடுதான் ஆட்டம். முதல் மூன்று ஓவருக்கு டீப் கவர் எல்லையில், அடுத்த மூன்றுக்கு உள்ளே. இரண்டு தாளிலும் கிரீஸ் கோடு போட்டு, இடது கைக்காரருக்குத் தனிப் படம் வரைந்து கேப்டன் பையில் வைத்துவிட்டேன். அதில் ஷார்ட் லெக்கை எடுத்துவிட்டு கவரில் ஆள் போட்டிருக்கிறேன், மன்னிக்கவும் இடக்கை.